பாத்ரூம் தரைக் கசிவு: எல்லா டைல்ஸையும் உடைக்காமல் கீழ்வீட்டு சீலிங்கைக் காப்பாற்றும் வழி

சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு பழைய அடுக்குமாடி. இரண்டாம் மாடி பாத்ரூமில் குளித்தால் முதல் மாடி பாத்ரூம் சீலிங்கிலிருந்து சொட்டும். மேல்வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டபோது ஏற்கெனவே மூன்று பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். "மூணு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க சார், மொத்த தரையையும் எடுத்துட்டு புதுசா போடணுமாம்" என்றார். கீழ்வீட்டு அம்மா அதற்குள் சீலிங்கை இரண்டு முறை பூசி, மூன்று முறை பெயின்ட் அடித்து ஓய்ந்திருந்தார்.

பாத்ரூம் 4 அடிக்கு 6 அடி. தரையில் ஒரு அடி டைல்ஸ் 24. கடைசியில் நாங்கள் எடுத்தது இரண்டே டைல்ஸ். தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று உறுதியாகத் தெரிந்ததால்தான் இரண்டோடு முடிந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை வாரம் ஆனது. பழுது பார்க்க அதைவிடக் குறைந்த நாட்களே பிடித்தன. இந்த விகிதம் தலைகீழானால், அதாவது வந்த அன்றே ஒருவர் மருந்து டப்பாவைத் திறந்தால், அந்த வேலை பெரும்பாலும் நிற்காது.

தரைக்கு அடியில் இருக்கும் தொட்டி

நம் ஊர் அடுக்குமாடிகளில் பாத்ரூம் ஸ்லாப்பை மற்ற அறைகளைவிட முக்கால் அடி, ஒரு அடி தாழ்த்திப் போடுவார்கள். இதைத்தான் சங்கன் ஸ்லாப் என்கிறோம். அந்தப் பள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்களையும், தரைத் தண்ணீர் வடியும் வாயான நானி ட்ராப்பையும் வைத்து, செங்கல் உடைசலைக் கொட்டி நிரப்பி, மேலே கான்கிரீட்டும் சாந்தும் போட்டு டைல்ஸ் ஒட்டுவார்கள். நீங்கள் நிற்பது ஸ்லாப்பின் மேல் அல்ல, உடைசல் நிரப்பிய ஒரு தொட்டியின் மேல்.

டைல்ஸைத் தாண்டி இறங்கும் தண்ணீர் நேராகக் கீழ்வீட்டுக்குப் போவதில்லை. முதலில் இந்தத் தொட்டியில் தேங்குகிறது. ஸ்லாப்பில் எங்கே மெல்லிய விரிசலோ பொத்தலோ இருக்கிறதோ அங்கே போய்ச் சொட்டுகிறது. அதனால் கீழே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பக்கூடாது. மடிப்பாக்கத்தில் சொட்டியது கமோடுக்கு நேர் கீழே. கமோடுக்கும் கசிவுக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று. 24 சதுர அடியில் முக்கால் அடி ஆழம் என்றால் 18 கன அடி, கிட்டத்தட்ட 500 லிட்டர் இடம். அதில் உடைசலுக்கு நடுவே ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம் என்று வைத்தாலே 100 லிட்டர் தண்ணீர் ஒளிந்திருக்கலாம். இந்த 100 லிட்டரை நினைவில் வையுங்கள். வேலை முடிந்த பிறகு நடக்கும் சண்டைகளில் பாதி இதனால்தான் வருகிறது.

சொட்டை எண்ணுங்கள்

சோதனைக்கு முதல் கருவி கைக்கடிகாரம். கீழே நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று தினமும் ஒரே நேரத்தில் எண்ணி எழுதுங்கள். சொட்டாமல் ஓதம் மட்டும் இருந்தால், ஈரத்தின் ஓரத்தை பென்சிலால் கோடிட்டுத் தேதி போடுங்கள். அதற்கு முன், ஈரமான சீலிங்கில் லைட்டோ எக்ஸாஸ்ட் ஃபேனோ இருந்தால் அதன் மின் இணைப்பை டிபி போர்டிலேயே நிறுத்திவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது.

முதல் சோதனை, மேல் பாத்ரூமை மூன்று நாள் பூட்டி வைப்பது. குளியல், துணி துவைத்தல், கால் கழுவுதல் எதுவும் கூடாது. ஆனால் பாத்ரூமுக்கு வரும் தண்ணீர் வால்வு திறந்தே இருக்கட்டும். சொட்டு கொஞ்சமும் குறையவில்லை என்றால், அழுத்தத்தோடு எப்போதும் தண்ணீர் நிற்கும் சப்ளை லைனில் ஓட்டை இருப்பதாகச் சந்தேகிக்கலாம். நாளுக்கு நாள் குறைந்தால், பாத்ரூமைப் புழங்கும்போதுதான் தண்ணீர் இறங்குகிறது. மடிப்பாக்கத்தில் முதல் நாள் நிமிடத்துக்கு 14 சொட்டு, அடுத்த நாள் 8, மூன்றாம் நாள் 5. இரண்டாவது வகை. தொட்டி மெதுவாக வடிவதால் 24 மணி நேரத்தில் பூஜ்ஜியம் ஆகவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சப்ளை லைனை முழுதாகச் சந்தேகத்திலிருந்து விடுவிக்க பிளம்பரிடம் பிரஷர் பம்ப் சோதனை கேளுங்கள். கீசரைக் கழற்றிவிட்டு, எல்லாப் பாயிண்டுகளையும் எண்ட் பிளக் போட்டு மூடி, கைப்பம்பால் 5 கிலோ அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் விடுவார். முள் இறங்கக்கூடாது. குளிர்நீர் லைனுக்கும் சுடுநீர் லைனுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். சுடுநீர் லைனை விட்டுவிடுவது வழக்கமான தவறு. முள் இறங்கினால் ஓட்டையைத் தேடிச் சுவரையும் தரையையும் கொத்தவேண்டாம். அந்த லைனை இரு முனையிலும் மூடிக் கைவிட்டுவிட்டு, சுவரின் மேல்பக்கமாக வெளியே தெரியும்படி புதிய சிபிவிசி லைன் இழுத்துவிடலாம். பார்க்கக் கொஞ்சம் அசிங்கம், ஆனால் தரை தப்பிக்கும். இங்கே முள் அசையவில்லை.

அடுத்தது கழிவு லைன். தரை காய்ந்திருக்கும்போது நானி ட்ராப்பின் மூடியைக் கழற்றி, ஒரு ஓஸை உள்ளே நன்றாக இறக்கி, தரையில் ஒரு சொட்டும் படாமல் ஆறு பக்கெட் தண்ணீரை நேரே ட்ராப்புக்குள் விட்டோம். அன்று பாத்ரூமை மறுபடி பூட்டி, அடுத்த நாள் காலை எண்ணினோம். அதே 5. அதன்பின் கமோடில் பத்து முறை ஃப்ளஷ். மறுநாளும் 5. வாஷ்பேசினிலும் இதே முறை. ஒவ்வொரு சோதனைக்கும் நடுவில் ஒரு இரவு இடைவெளி விடவேண்டும். காலையில் எல்லாவற்றையும் வரிசையாக ஊற்றிவிட்டு மதியம் "சொட்டுது, சொட்டுது" என்றால் எது சொட்டுகிறது என்று யாருக்கும் தெரியாது.

ஃப்ளஷ் செய்தபின் கூடியிருந்தால் கமோடும் குழாயும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். கமோடைக் கழற்றி, அந்த இணைப்பை மட்டும் சரிசெய்து மறுபடி வைத்துவிடலாம். அதற்கும் தரையை உடைக்க வேண்டியதில்லை.

தண்ணீர் கட்டி வைக்கும் சோதனை

குழாய்கள் எல்லாம் தப்பித்தால் மிச்சம் தரை. தரையில் மூன்று வழிகள்: டைல்ஸ் இடுக்கு, தரையும் சுவரும் சேரும் மூலை, நானி ட்ராப்பின் கழுத்து. எது என்று பிரித்துப் பார்க்க இரண்டு முறை தண்ணீர் கட்டவேண்டும். பலரும் ஒரு முறை கட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

முதல் முறை, ட்ராப்பின் கழுத்துக்குள் நாலைந்து அங்குலம் கீழே துணி சுற்றிய மணல் பையை இறுக்கமாகத் திணித்து அடைத்தோம். பையில் ஒரு கயிறு கட்டி வெளியே விட்டுவிடுங்கள். இல்லையென்றால் அதை எடுக்க நீங்கள் படும் பாட்டைப் பார்த்து கொத்தனார் சிரிப்பார். பிறகு வாசற்படிக்குக் கீழேயே நிற்கும்படி 20 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் விட்டு, சுவரில் பென்சிலால் கோடு போட்டோம். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அகலமான பேசினில் தண்ணீர் வைத்து அதிலும் ஒரு கோடு. இந்த பேசின்தான் முக்கியம். காற்றில் ஆவியாகிப் போகும் அளவை அது காட்டிவிடும்.

24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் பேசினில் 2 மில்லிமீட்டர் குறைந்திருந்தது, தரையில் 7. வித்தியாசம் 5 மில்லிமீட்டர். 24 சதுர அடி என்பது சுமார் 2.2 சதுர மீட்டர், அப்படியானால் ஒரே நாளில் 11 லிட்டர் தரைக்குள் போயிருக்கிறது. கீழே சொட்டு 17 ஆகியிருந்தது. தண்ணீரை வடித்துவிட்டு, சொட்டு மறுபடி 5க்கு இறங்கும்வரை மூன்று நாள் காத்திருந்தோம்.

இரண்டாம் முறை, ட்ராப்பைச் சுற்றி அரை அடி தள்ளி, களிமண்ணால் ஒன்றரை அங்குல உயரத்தில் வட்டமாகக் கரை கட்டினோம். விநாயகர் சதுர்த்திக்கு விற்கும் அதே களிமண் போதும். காய்ந்த டைல்ஸில் ஈர விரலால் அழுத்தி ஒட்டினால் நிற்கும். இந்த முறை தண்ணீர் கரைக்கு வெளியே மட்டும். ட்ராப்பும் அதன் சுற்றும் காய்ந்தே இருந்தன. மறுநாள் பேசினில் 2 குறைந்திருந்தது, தரையில் 3. இறங்கியது 2 லிட்டர்தான்.

ஆக 11 லிட்டரில் ஏறத்தாழ 9 லிட்டர் ட்ராப்பின் கழுத்து வழியாக. மிச்சம் இடுக்குகளிலும் மூலைகளிலும். 24 டைல்ஸையும் மாற்றச் சொன்னவர்கள் ட்ராப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்றார் வீட்டுக்காரர்.

கலர் பவுடர் கரைத்து ஊற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. கீழே நிறம் தெரிந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் சாந்தும் உடைசலும் நிறத்தை வடிகட்டிவிடும், வரவே வராமலும் போகலாம். நிறம் வரவில்லை என்பதை வைத்து "இங்கே ஓட்டை இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

ட்ராப்பின் கழுத்தைச் சரிசெய்வது

பிவிசி குழாயோடு சிமெண்ட் ஒட்டாது. கட்டும்போது ட்ராப்பைச் சுற்றி வெறும் சாந்தை அப்பிவிடுவார்கள். காய்ந்ததும் சாந்து சுருங்கி, குழாய்க்கும் அதற்கும் நடுவே முடி அளவு இடைவெளி விழும். பாத்ரூமில் விழும் எல்லாத் தண்ணீரும் ஓடிவந்து கூடுவது சரியாக அந்த இடத்தில்தான்.

ட்ராப்பைத் தொட்டிருந்த இரண்டு டைல்ஸின் இடுக்குகளை மட்டும் கட்டிங் மெஷினில் மெல்லிய பிளேடு போட்டு அறுத்தோம். இடுக்கை முதலில் அறுக்காமல் உளியை வைத்தால் அதிர்ச்சி பக்கத்து டைல்ஸுக்குப் போய் அதுவும் கிளம்பிவிடும். அறுத்தபின் ட்ராப்பின் ஓரத்தில் உளியை நுழைத்து வெளிப்பக்கமாக நெம்பி எடுத்தோம். அடியில் இருந்த சாந்து கருத்துப்போய், விரலால் தோண்டினால் வரும் அளவுக்கு நொறுங்கியிருந்தது.

குழாயைச் சுற்றி நான்கு அங்குல ஆழம்வரை அந்தச் சாந்தை எடுத்துவிட வேண்டும். கெட்டியான இடம் வரும்வரை எடுங்கள், ஆனால் குழாயில் உளி படக்கூடாது. ட்ராப்பின் மேல் உயரத்துக்காக ஒரு துண்டுக் குழாய் சொருகியிருப்பார்கள். அதைப் பசை போடாமல் சும்மா சொருகியிருந்தால் கசிவுக்கு அதுவும் ஒரு வழி. கழற்றித் துடைத்து, பிவிசி சால்வெண்ட் போட்டு ஒட்டிவிடுங்கள்.

பள்ளத்தைக் காயவிடுவதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். டேபிள் ஃபேன் வைத்து இரண்டு, மூன்று நாள். அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருந்தால், பின்னால் நான் சொல்லப்போகும் தொட்டியை வடிக்கும் வேலையை முதலில் செய்யுங்கள். காய்ந்ததும் குழாயின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பள்ளத்தை நான்-ஷ்ரிங்க் கிரவுட் ஊற்றி நிரப்ப வேண்டும். இது காயும்போது சுருங்காத சிமெண்ட் கலவை. ஊற்றும்போதே குழாயைச் சுற்றி ஒரு விரல் அகலத்தில், சுமார் 10 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு வாய்க்கால் விட்டுவிடுங்கள். கிரவுட் இறுகிக் காய்ந்ததும் அந்த வாய்க்காலில் பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன் சீலண்டை, சீலண்ட் கன்னால் அடைக்க வேண்டும். குழாய் சூடு தண்ணீரில் விரியும், குளிரில் சுருங்கும். ரப்பர் மாதிரி இழுபடும் ஒரு பொருள் அங்கே இல்லையென்றால் மறுபடி முடி அளவு இடைவெளி விழும்.

அதன்மேல் பவுடரும் லிக்விடும் கலக்கும் பாலிமர் வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் இரண்டு கோட். முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் மெஷ் துணியை அதில் பதித்துவிட்டு, காய்ந்தபின் குறுக்குவாட்டில் இரண்டாவது கோட். பள்ளத்தின் பக்கவாட்டிலும், டைல்ஸின் அறுத்த ஓரம்வரையிலும் ஏறவேண்டும். குழாயின் வாய் ஓரத்தையும் சேர்த்து மூடவேண்டும். கோட்டிங் காய டப்பாவில் எத்தனை நாள் போட்டிருக்கிறதோ அத்தனை நாள் விடுங்கள். பிறகு அந்தப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் பாருங்கள். டைல்ஸ் போட்டபின் தவறு கண்டுபிடித்தால் மறுபடி உடைக்கவேண்டும்.

பழைய டைல்ஸ் கடையில் கிடைக்காது. அதே நிறத்தைத் தேடி அலையாமல், ட்ராப்பைச் சுற்றி வேண்டுமென்றே வேறு நிறத்தில் வழுக்காத டைல்ஸ் போடுங்கள். பார்ப்பவர்களுக்கு டிசைன் மாதிரி இருக்கும். டைல்ஸ் ஒட்டும் பசையில் ஒட்டி, ட்ராப்பின் மூடி டைல்ஸ் மட்டத்திலிருந்து மூன்று, நான்கு மில்லிமீட்டர் கீழே உட்காரும்படி வைத்தால்தான் கடைசித் தண்ணீரும் வடியும்.

இடுக்குகளுக்கு எபாக்சி

மிச்சமிருக்கும் அந்த 2 லிட்டருக்கு, இடுக்கில் அடைத்தால் கல் மாதிரி இறுகும் எபாக்சி கிரவுட்தான் மருந்து. பழைய வீடுகளில் டைல்ஸை ஒட்டி ஒட்டிப் போட்டு இடுக்கில் வெள்ளை சிமெண்டைத் தேய்த்திருப்பார்கள். அதோடு நம் வீடுகளில் பாத்ரூம் கழுவ ஆசிட் ஊற்றும் பழக்கம் வேறு. ஆசிட் டைல்ஸைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, இடுக்கில் இருக்கும் சிமெண்டை வருடா வருடம் கரைத்துவிடும். குச்சியால் இடுக்கைக் கீறிப் பாருங்கள், பொடியாக வந்தால் கதை அதுதான்.

இடுக்கில் இருக்கும் பழைய சிமெண்டின் மேலேயே எபாக்சியைத் தடவினால் சில மாதத்தில் தோல் உரிவது மாதிரி உரியும். இடுக்கை மெல்லிய பிளேடால் 3 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் திறக்கவேண்டும். முகக்கவசம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், அறை முழுக்கப் புகை மாதிரித் தூசி பறக்கும். வேக்குவம் வைத்துத் தூசியை உறிஞ்சிவிட்டு இரண்டு நாள் காயவிடுங்கள்.

அளவுக்குக் கணக்கு: ஒரு அடி டைல்ஸ் போட்ட 24 சதுர அடிக்கு, சுவரோர மூலைகள் போக, இடுக்குகள் எல்லாம் சேர்த்து 38 அடி நீளம், அதாவது சுமார் 12 மீட்டர். மேலே சொன்ன அகலம், ஆழத்துக்கு அரை கிலோவுக்கும் குறைவான எபாக்சிதான் போகும். ஒரு கிலோ பாக்கெட் வாங்கினால் வீணாவது போகவும் போதும். ஐந்து கிலோ வேண்டும் என்று யாராவது சொன்னால் டைல்ஸ் அளவைக் காட்டிக் கணக்குக் கேளுங்கள்.

ரெசினையும் ஹார்டனரையும் முதலில் நன்றாகக் கலந்து, அதன் பிறகு பவுடரைச் சேர்க்க வேண்டும். முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கலந்தால், சென்னை வெயிலில் பாதி வேலையிலேயே கையில் இறுகிவிடும். கால் கிலோவாகக் கலந்து, ரப்பர் கரண்டியால் இடுக்குக்குக் குறுக்காக, சாய்வாக அழுத்தித் தேயுங்கள். இடுக்கின் நீளவாக்கில் இழுத்தால் போட்டதையே கரண்டி தோண்டி எடுத்துவிடும். டைல்ஸ் மேல் ஒட்டியதை இளகியிருக்கும்போதே ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறுநாள் அது கல். கையுறை கட்டாயம், எபாக்சி பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். 24 மணி நேரம் கால் வைக்காமல், குளிக்க மூன்று நாள் பொறுத்தால் நல்லது.

ஆனால் தரையும் சுவரும் சேரும் மூலையில் எபாக்சி வேண்டாம். தரை ஒரு பக்கம் அசையும், சுவர் இன்னொரு பக்கம் அசையும். கெட்டியான பொருள் அங்கே வெடிக்கும். மூலையைத் திறந்து பி.யூ. சீலண்ட் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் இழுத்துவிடுங்கள். கூடவே குழாய்களின் சுவர் வட்டத்தகடுகளைக் கழற்றிப் பாருங்கள். ஷவர் தண்ணீர் அந்தத் தகட்டுக்குப் பின்னால் புகுந்து சுவர் வழியாகவே தொட்டிக்கு இறங்கும். கொஞ்சம் சிலிக்கான் வைத்து அடைக்க ஐந்து நிமிடம் போதும்.

டைல்ஸ் மேல் ஊற்றினால் போதும், இடுக்குக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும் என்று விற்கும் நிறமில்லாத திரவங்களைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மயிரிழை விரிசலுக்குக் கொஞ்ச காலம் தாங்கும். ட்ராப்பின் கழுத்தில் இருக்கும் இடைவெளியை அது அடைக்காது. மடிப்பாக்கத்தில் அதையும் இரண்டு டப்பா ஊற்றிப் பார்த்திருந்தார்கள்.

தொட்டியை வடித்தல்

இப்போது அந்த 100 லிட்டர். 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 10 சொட்டு என்றால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் கூட இல்லை. மேலே எல்லா வழியையும் கச்சிதமாக அடைத்துவிட்டாலும், உள்ளே தேங்கியது இப்படிச் சொட்டி வடிய நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த நான்கு மாதமும் கீழ்வீட்டார் "வேலையே சரியில்லை" என்பார்கள். மேல்வீட்டார் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து மொத்தத் தரையையும் உடைப்பார்.

அதனால் தேங்கிய தண்ணீரை நாமே இறக்கிவிட வேண்டும். கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் அதிகமுள்ள இடத்தில் அரை அங்குல ஓட்டை ஒன்று. இதைச் செய்யப் பழகிய ஆள் வேண்டும். மேலே போகும் குழாய்களுக்கு நேராகப் போடக்கூடாது. கம்பி தட்டினால் கம்பியை அறுக்காமல் ஒரு அங்குலம் நகர்ந்து போடவேண்டும். பீமில் போடவே கூடாது. தண்ணீர் எட்டிப்பார்த்த நொடியில் டிரில்லை நிறுத்தவேண்டும். தலைக்கு மேல் தண்ணீர் கொட்டும் இடத்தில் மின்சார டிரில் என்பதால், மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள லைனில் மட்டுமே செருகுங்கள். டிரில்லின் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்க்காமல் நிமிர்த்திச் சொருகினால் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்காது.

ஓட்டையில் ஒரு சின்ன டியூபைச் சொருகி, அதைத் தரையில் இருக்கும் பக்கெட்டுக்குள் விட்டோம். முதல் நாள் இரண்டரை பக்கெட், கறுப்பாக, சாக்கடை வாடையோடு. அடுத்த நாள் ஒரு பக்கெட். ஒரு வாரத்தில் டியூபின் நுனியில் ஈரம் மட்டும் இருந்தது. இந்த டியூபை உடனே எடுக்கவேண்டாம். மேல்வீட்டில் வழக்கம்போல் குளித்துப் புழங்கும் ஒரு மாதம் அது அங்கேயே தொங்கட்டும். மேலே செய்த வேலை சரியா என்று அதைவிட நேர்மையாகச் சொல்லும் சாட்சி கிடையாது. ஒரு மாதமும் காய்ந்தே இருந்தால், ஓட்டையை நான்-ஷ்ரிங்க் கிரவுட்டால் அடைத்துவிடலாம்.

கீழிருந்து ஸ்லாப் விரிசலுக்குள் பி.யூ. கலவையை அழுத்தி ஏற்றும் இன்ஜெக்ஷன் அடித்தால் ஒரே நாளில் நிற்கும் என்பார்கள். நிற்கும், உண்மைதான். ஆனால் மேலே வழியை அடைக்காமல் கீழே வாயை மட்டும் அடைத்தால் தொட்டி நிரம்பிக்கொண்டே இருக்கும். தண்ணீர் ஸ்லாப்பில் அடுத்த விரிசலைத் தேடும், இல்லையென்றால் பக்கத்து ஹால் சுவரில் ஓதமாக ஏறும். நடுவில் ஸ்லாப் கம்பி ஊறித் துருப்பிடிக்கும். மேல்வேலை முடிந்து, தொட்டி வடிந்த பிறகும் ஸ்லாப்பில் விரிசல் தெரிந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். சீலிங்கில் வாட்டர் ப்ரூஃப் லிக்விட் கலந்து பூசுவதும் இதே கணக்குதான். கீழ்வீட்டு அம்மா இரண்டு முறை செய்தது அதுதான்.

உடைக்கத்தான் வேண்டும் என்ற நிலை

நாணயத்தால் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் பொள்ளென்று சத்தம் கேட்டால் அடியில் பிடிப்பு போய்விட்டது. இடுக்கை மட்டும் அடைத்தால் நடக்கும்போது அசைந்து மறுபடி விரியும். தரையின் சாய்வு ட்ராப்பை விட்டு வேறு பக்கம் இருந்தாலும், ஓஸ் சோதனையில் சொட்டு கூடி உள்ளே புதைந்த கழிவுக் குழாயே உடைந்திருக்கிறது என்று தெரிந்தாலும், குறைந்தது அந்தப் பகுதியையாவது தோண்டித்தான் ஆகவேண்டும். கீழ் சீலிங்கில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், மேலே எதையும் தொடுமுன் ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரைக் காட்டுங்கள். அது இப்போது கசிவுப் பிரச்சினை மட்டும் அல்ல.

கீழ்வீட்டு சீலிங்

கடைசியாகத் தொடவேண்டிய இடம் இது. உப்பு பூத்த பூச்சைச் சுரண்டி எடுத்து, தட்டினால் பொள்ளென்று கேட்கும் சாந்தையும் கொத்திவிட்டு, திறந்த ஸ்லாப்பை அப்படியே ஒரு மாதம் காயவிடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கவேண்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து உள்ளே போய் மறுபடி பூக்கும். காய்ந்ததா என்று பார்க்க, ஒரு அடி சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு சீலிங்கில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். மடிப்பாக்கத்தில் இரண்டாவது தாள்தான் காய்ந்து வந்தது. அதன் பிறகே கொத்தனார் பூச்சுக்கு சாந்து குழைத்தார்.